ரசீது பத்திரமா இருக்கு... பணம்?

*எங்கள் குடியிருப்போர் சங்கக் கணக்கைத் தணிக்கை செய்ய என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பொருளாளர் 20 லட்ச ரூபாய் எஃப்.டி. ரசீதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறார். பார்த்து டிக் அடித்தால் போதாதா?*
– முத்தியால்பேட்டை வாசகர்

முதிர்வு நாளில் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு நீட்ட வேண்டிய காகிதம் அது. லேமினேட் செய்துவிட்டால் எங்கே போடுவாராம்?

அந்த ரசீது ஒன்றைத்தான் சொல்லும்: இன்ன தேதியில் இவ்வளவு பணம் போடப்பட்டது. மார்ச் 31 அன்று அந்தப் பணம் இருந்ததா என்று அதற்குத் தெரியாது. எஃப்.டி. உண்மையில் இருப்பது வங்கியின் கம்ப்யூட்டரில். நெட் பேங்கிங்கில் திறந்த டெபாசிட்டை நெட் பேங்கிங்கிலேயே முன்கூட்டி முடித்துவிடலாம். பீரோவில் இருக்கும் காகிதத்துக்குத் தகவல் போகாது.

2020-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம், இந்தியன் வங்கியின் கோயம்பேடு கிளையில் போட்ட 100 கோடி ரூபாய் டெபாசிட் நினைவிருக்கிறதா? துறைமுகத்தின் நிதி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அதை முடிக்கவைத்ததில் சுமார் 45 கோடி வெளியேறியது என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டது. துறைமுகத்துக்கே அந்த கதி. உங்கள் சங்கத்துக்கு ஒரு கடிதச் செலவாவது செய்யுங்கள்.

*கடிதம் என்றால் என்ன எழுதுவது? வங்கியில் கேட்டால் சொல்வார்களா?*
– லாஸ்பேட்டை வாசகி

வாடிக்கையாளர் சம்மதக் கையெழுத்து இருந்தால் சொல்வார்கள். ஆடிட்டர்களுக்கான தணிக்கைத் தரம் 505 இதற்கென்றே இருக்கிறது. சாரம் எளிது: கடிதத்தை அனுப்புவதும் ஆடிட்டர், பதில் வருவதும் ஆடிட்டருக்கு. நடுவில் யார் கையும் படக்கூடாது.

கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். "எஃப்.டி. எண் இன்னது, தொகை 20 லட்சம், சரிதானே?" என்று எழுதினால், கவுன்டரில் கூட்டம் நிற்கும் நேரத்தில் குமாஸ்தா சரி என்று சீல் குத்திவிடுவார். தொகையை நீங்கள் சொல்லாதீர்கள், அவரைச் சொல்லவிடுங்கள். சங்கத்தின் வாடிக்கையாளர் எண்ணைக் குறிப்பிட்டு இப்படி எழுதுங்கள்:

"31.3.2025 அன்று இந்த எண்ணின் கீழ் இருந்த எல்லாக் கணக்குகளையும் டெபாசிட்டுகளையும், அந்த ஆண்டுக்குள் முடிக்கப்பட்டவற்றையும் தெரிவிக்கவும். ஒவ்வொன்றுக்கும் தொகை, தொடங்கிய தேதி, முதிர்வு தேதி, வட்டி விகிதம், அன்றுவரை சேர்ந்த வட்டி தரவும். எந்த டெபாசிட்டின் மீதாவது லீன், ஈடு, எதிர்க்கடன் அல்லது மூன்றாம் நபர் கடனுக்கான பொறுப்பு உண்டா? உண்டெனில் யாருக்காக, எவ்வளவு?"

கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

*கடிதம் கொடுத்து ஒரு மாதம் ஆகிறது. பதில் இல்லை. பொருளாளர், "நானே போய் வாங்கி வருகிறேன்" என்கிறார். நல்ல மனுஷர்.*
– ரெட்டியார்பாளையம் வாசகர்

நல்ல மனுஷரை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். பார்மலாட் என்ற இத்தாலியப் பால் நிறுவனத்தில் ஆடிட்டரின் கடிதம் நிறுவனத்தின் தபால் அறை வழியாகப் போனது. 'பேங்க் ஆஃப் அமெரிக்கா' பெயரில் 395 கோடி யூரோ இருப்பதாகப் பதில் வந்தது. 2003 டிசம்பரில் அந்த வங்கியே "அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை" என்றது.

நீங்களே கிளைக்கு நடந்து போங்கள். மிஷன் வீதியில் இல்லாத வங்கியா? இன்னொரு வழி, பொருளாளரை உங்கள் எதிரே உட்காரவைத்து நெட் பேங்கிங்கைத் திறக்கச் சொல்லுங்கள். வங்கித் தளத்தின் முகவரியைத்தான் அவர் தட்டுகிறாரா என்று பாருங்கள். ஸ்கிரீன் ஷாட் வேண்டாம், நேரடிப் பக்கம் வேண்டும். ஆனால் எல்லா வங்கிகளின் திரையிலும் லீன் விவரம் தெரியாது. அதனால் எழுத்துப் பதிலுக்கு விடாமல் நச்சரிக்கவும் வேண்டும்.

*வட்டி எங்கள் கணக்கில் இன்னும் ஏறவில்லை, ஆகவே வருமானம் பூஜ்யம் என்கிறார் எங்கள் செயலாளர். சரியா?*
– நெல்லித்தோப்பு வாசகர்

கையில் வந்ததை மட்டும் எழுதும் சங்கமென்றால் செயலாளர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. சேர்ந்த வட்டி முறையில் கணக்கு வைத்தால் கிடையாது. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

20 லட்சம், 7 சதவீதம், வட்டி சேர்ந்துகொண்டே போகும் டெபாசிட். போட்ட நாள் 15.11.2024. நம் வங்கிகள் பொதுவாகக் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்க்கும். முதல் முழுக் காலாண்டு பிப்ரவரி 14-இல் முடிகிறது, வட்டி 35,000. அசல் இப்போது 20,35,000. பிப்ரவரி 15 முதல் மார்ச் 31 வரை 45 நாள். 20,35,000-ஐ 7 சதவீதத்தால் பெருக்கி, 45-ஆல் பெருக்கி, 365-ஆல் வகுத்தால் 17,562. ஆக மொத்தம் 52,562 ரூபாய் அந்த ஆண்டின் வருமானம். வங்கியின் கணக்கோடு சில ரூபாய் வித்தியாசப்பட்டால் கவலை வேண்டாம். சில ஆயிரம் வித்தியாசப்பட்டால் விகிதத்தையோ தேதியையோ யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு முடிச்சு. 2024-25-இல் வட்டி 40,000-ஐத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும், பான் எண் தரவில்லையென்றால் 20. உங்கள் சங்கத்துக்கு 5,256 பிடித்திருப்பார்கள். வருமானத்தை 52,562 என்று முழுதாக எழுதி, 5,256-ஐ வர வேண்டிய வரியாகச் சொத்துப் பக்கம் காட்ட வேண்டும். பலர் பிடித்தம் போக மிச்சத்தை மட்டும் எழுதிவிட்டு, வரியைத் திரும்பக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். இதனால்தான் ஓராண்டு முடிவில் ரசீதில் அச்சான 21,43,718 கைக்கு வருவதில்லை. பதினாலாயிரத்துச் சொச்சம் குறைந்து வரும். மேனேஜரிடம் சண்டைக்குப் போகும் முன் 26ஏ.எஸ். படிவத்தைப் பாருங்கள்.

*26ஏ.எஸ். வரி பார்க்கத்தானே? தணிக்கைக்கு எதற்கு?*
– வில்லியனூர் வாசகர்

இல்லாத டெபாசிட்டுக்கு எந்த வங்கியும் தன் பெயரில் வரி பிடித்துக் கட்டாது. சங்கத்தில் யாரும் திருத்த முடியாத காகிதம் அது. புத்தகத்தில் எஃப்.டி. வட்டி லட்சக்கணக்கில், 26ஏ.எஸ்-ஸில் ஒரு பைசா வரி இல்லை என்றால், வரி விலக்குச் சான்றிதழ் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

சத்யம் கதையில் இதைப் பொருத்திப் பாருங்கள். 2009 ஜனவரி 7-ஆம் தேதிக் கடிதத்தில் ராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டது: ரொக்கமும் வங்கி இருப்புமாகப் புத்தகத்தில் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை. அதன் கூடவே 376 கோடி சேர்ந்த வட்டியும் கற்பனை. பொய் டெபாசிட்டுக்குப் பொய் வட்டியும் வேண்டுமே. வட்டியை மொத்த டெபாசிட்டால் வகுத்துப் பார்த்து விகிதம் சரியாக வருகிறது என்று திருப்திப்பட்டால், பொய் பொய்யோடு பொருந்துகிறது என்றுதான் அர்த்தம். வெளியாள் சொன்ன ஒரு எண்ணோடு பொருந்த வேண்டும்.

*லீன் என்கிறீர்களே, பணம் நம் பெயரில்தானே இருக்கிறது? பிறகென்ன?*
– உப்பளம் வாசகி

பெயர் உங்களுடையது, பிடி இன்னொருவருடையது. எஃப்.டி-யை ஈடாக வைத்து அதில் 90 சதவீதம் வரை கடன் வாங்கலாம். வங்கி தன் கணினியில் லீன் என்று குறித்துவைக்கும். வட்டி வழக்கம்போல் ஏறும், இருப்பு முழுதாகத் தெரியும், 26ஏ.எஸ்-ஸும் பளிச்சென்று இருக்கும். இதுவரை சொன்ன எல்லாச் சோதனையிலும் பாஸ். எடுக்கப் போகும் அன்றுதான் தெரியும்.

நம் பக்கத்து வங்கியின் கதை ஒன்று. 1926-இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. அதில் ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்ற நிதி நிறுவனம் சுமார் 750 கோடி ரூபாயை டெபாசிட்டாகப் போட்டிருந்தது. ரெலிகேரின் அன்றைய முதலாளிகளான மல்விந்தர், ஷிவிந்தர் சிங் சகோதரர்களின் வேறு நிறுவனங்களுக்கு அதே வங்கி கடன் கொடுத்தது. கடன் திரும்பவில்லை. 2017-இல் வங்கி அந்த டெபாசிட்டிலிருந்து 720 கோடிக்கு மேல் எடுத்துக் கடனை நேர்செய்துகொண்டது. டெபாசிட் கடனுக்கு ஈடு என்பது வங்கியின் நிலை. நாங்கள் ஈடு கொடுக்கவே இல்லை என்பது ரெலிகேரின் வாதம். விஷயம் நீதிமன்றத்துக்கும் டெல்லி போலீஸுக்கும் போனது. வங்கியே 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டுவிட்டது.

யார் சொல்வது சரி என்பதை விடுங்கள். தணிக்கையாளர் கவனிக்க வேண்டியது, கடன் வாங்கியது டெபாசிட் வைத்த நிறுவனம் அல்ல. அதன் புத்தகத்தில் கடன் என்ற வரியே இருக்காது. கடன் பகுதியை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது. அதனால்தான் கடிதத்தில் "மூன்றாம் நபர் கடனுக்கான பொறுப்பு" என்று தனியாகக் கேட்கச் சொன்னேன். கூடவே நிர்வாகக் குழுத் தீர்மானப் புத்தகத்தையும் வாசியுங்கள். ஈடு வைக்க யாருக்கு அதிகாரம் கொடுத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும், அல்லது இல்லாமல் இருக்கும். நிறுவனமாக இருந்தால், அதன் சொத்து மீது பதிவான பொறுப்புகளைக் கம்பெனிகள் பதிவாளரின் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

*என் தாத்தா சொல்தா. பிரெஞ்சு பென்ஷனைச் சேர்த்து எஃப்.டி. போட்டிருக்கிறார். சித்தப்பாவின் கடைக் கடனுக்கு எங்கோ கையெழுத்துப் போட்டதாக ஞாபகம் என்கிறார். எங்கே என்று ஞாபகமில்லையாம்.*
– குருசுக்குப்பம் வாசகர்

தாத்தாவைக் கிளைக்கு அழைத்துப் போய், "என் டெபாசிட்டுகளில் லீன் எதிலாவது உண்டா, எந்தக் கடன் கணக்குக்கு?" என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ரசீது வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈடு வைக்கும்போது பின்பக்கம் கையெழுத்து வாங்கி ரசீதை வங்கியே வைத்துக்கொள்வதுதான் வழக்கம். இருந்தாலும் நிம்மதி வேண்டாம், ரசீதே இல்லாத டெபாசிட்டுகள் இப்போது நிறைய. முதிர்ந்தும் பணம் வராமல் தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகிறதென்றால் சித்தப்பாவைக் காபிக்குக் கூப்பிடுங்கள்.

*நான் பொதுப்பணித் துறை கான்ட்ராக்டர். வங்கி கேரண்டிக்கு மார்ஜினாக 5 லட்சம் எஃப்.டி. இதை ரொக்கத்தோடு சேர்த்துக் காட்டலாமா?*
– அரியாங்குப்பம் வாசகர்

நாளை காலை எடுத்துச் செலவழிக்க முடியுமா? முடியாது. அப்படியானால் ரொக்கமில்லை. மார்ஜின் பணம் என்று தனி வரியில் காட்டுங்கள்.

*பொருளாளர் என் தாய்மாமன். வங்கிக்குக் கடிதம் எழுதினால் சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பாரே?*
– முதலியார்பேட்டை வாசகர்

கடிதத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் வங்கி வாய் திறக்காது. ஆக எழுதப்போவது நீங்கள் மட்டுமல்ல, அவரும்தான். பேனாவை நீட்டுங்கள், உறையை மட்டும் நீங்களே ஒட்டி, நீங்களே போஸ்ட் பண்ணுங்கள்.