பரோட்டா மாஸ்டருக்குப் பொருந்தாத கடிதம்

எங்கள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். தாலுகா ஆபீஸில் காலம் முழுக்க ‘பார்வையில் கண்ட’ என்று எழுதி ஓய்வு பெற்றவன் நான். எலக்ட்ரீஷியன் முருகேசனும் வந்தான். மதுரையில் பெரிய கட்டடங்களுக்கு வயரிங் எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை கேட்டுக் கடிதம் வேண்டுமாம்.

‘கடின உழைப்பும் நேர்மையும் கொண்ட நான், எப்பணியையும் திறம்பட முடிப்பேன்’ என்று தொடங்கினேன். படித்துப் பார்த்தவன், “சார், இதே லெட்டரை வச்சு நான் பரோட்டா மாஸ்டர் வேலைக்கும் போகலாமே” என்றான்.

“சரி, நீயே சொல்லு தம்பி.”

“முதல்ல பி சர்டிபிகேட். நம்பர், அது எந்தத் தேதி வரைக்கும் செல்லும், ரெண்டும் மேலேயே வரணும்.”

மின் உரிமம் வழங்கும் வாரியம் உதவியாளுக்கு எச், வயர்மேனுக்கு பி, சூப்பர்வைசருக்கு சி என்று தகுதிச் சான்று தருகிறது. கான்ட்ராக்டர் தன் லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ள, சான்று உள்ள ஆட்களைத் தன் பெயரில் காட்ட வேண்டும். அதனால் சிலர் சான்றிதழின் ஜெராக்ஸை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். “ஒருத்தர் மாசம் ஒரு தொகை தர்றேன், நீ வர வேண்டாம்னார் சார். நான் போயிருந்தா இடைஞ்சல்னு நினைச்சிருப்பார் போல.” எங்கள் ஆபீஸில் இதற்கு நேர்மாறு. ஆள் வருவார், வேலைதான் வராது.

அடுத்து அனுபவம். சுவருக்குள் பைப் புதைக்கும் கன்சீல்டு வயரிங், கேசிங் கேப்பிங், மோட்டார் ஸ்டார்ட்டர் என்று சொல்லிக்கொண்டே போனான். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஓடும் வயரையும் மாற்றியிருக்கிறானாம். அதன் ரப்பர் உறை தொட்டாலே உதிருமாம். இதையெல்லாம் ஒரே வரியில் அடக்கச் சொன்னான். “எல்லாருமே இதைத்தான் சார் எழுதுவாங்க. அந்தப் பாத்திமா நகர் வீட்டை எழுதுங்க.”

அந்த வீட்டில் லைட், ஃபேன் எதுவும் ஓடவில்லை. ஆனால் பிளக்கின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தது. வீட்டுக்காரர், “ஒண்ணுக்கு ரெண்டு கரண்டா வருது, மீட்டரும் ரெண்டு மடங்கு ஓடுமோ?” என்று பதறியிருக்கிறார். முருகேசன் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் உருவிவிட்டு மறுபடி டெஸ்டரை வைத்தான். இப்போது ஒரு துளையில் மட்டும் எரிந்தது. நியூட்ரல் எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லாததால், பேஸ் கரண்ட் போட்டிருந்த விளக்கு வழியாகவே நுழைந்து நியூட்ரல் கம்பியில் வந்து நின்றிருக்கிறது. மெயினை அணைத்து டிபி பெட்டியைத் திறந்தால், நியூட்ரல் லிங்க்கில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து கருகிக் கிடந்தது. கருகிய நுனியை வெட்டி, புதிதாகச் சீவி முறுக்கியதும் வீடு எரிந்தது. (‘விளக்கு எரிந்தது’ என்று அவன் திருத்தச் சொன்னான்.)

“விளக்கு எரியலையே, கரண்ட் இல்லைன்னு நினைச்சு கறுப்பு வயரைத் தொட்டிருந்தா ஆளையே தூக்கியிருக்கும் சார். என் பழக்கமெல்லாம் இதுலேருந்து வந்ததுதான்.”

அந்தப் பழக்கங்களை அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஃபியூஸைப் பிடுங்கினால் அதைத் தன் சட்டைப் பையில்தான் வைத்துக்கொள்வான். இல்லாவிட்டால் சீரியல் நேரத்தில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்களாம். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்பான். அது தன் பாட்டுக்குக் கம்பியில் கரண்டை அனுப்பிக்கொண்டிருக்கும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பான். பிறகு அணைத்த கம்பியில் வைப்பான். முடிந்ததும் மறுபடி உயிருள்ள பிளக். பல்பு போன டெஸ்டர் எந்தக் கம்பியைத் தொட்டாலும் ‘கரண்ட் இல்லை’ என்றுதான் சாட்சி சொல்லும். புது வயரிங் என்றால் மெக்கரில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், கிரகப்பிரவேச முகூர்த்தமே தவறினாலும் சப்ளை கொடுக்க மாட்டானாம்.

கடைசியில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று போட்டேன். அதற்கும் மறுப்பாகத் தலையாட்டினான். “மெயினை அணைக்காம வேலை பார்னு சொன்னா கீழ்ப்படிய மாட்டேன் சார். அடிச்சிருங்க.” அடித்தேன். முப்பத்தைந்து வருஷ சர்வீஸையும் சேர்த்து, அந்த வார்த்தை இல்லாமல் நான் எழுதிய முதல் விண்ணப்பம் அதுதான்.

கான்ட்ராக்டர் போனில் கூப்பிட்டு, நியூட்ரல் கதையை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னாராம். அடுத்த வாரமே வேலை கிடைத்தது.

உங்கள் வீட்டுக்கு வரும் எலக்ட்ரீஷியனிடம் லைசென்ஸ் கேட்கக் கூச்சமாக இருந்தால் விடுங்கள். டெஸ்டரை அவர் முதலில் எங்கே வைக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.