எல்லாருக்கும் முதல் நாள்

ஜூலை பிறந்துவிட்டால் பொறியியல் கல்லூரியில் பிளேஸ்மெண்ட் ஆபீசரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உச்சி வெயிலில் டை கட்டியபடி, காதில் ஒரு போனும் கையில் ஒரு போனுமாக, கண்ணுக்குத் தெரியாத யாருக்கோ தலைகுனிந்து "ஷ்யூர் மேடம், டெஃபனட்லி மேடம்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான். எதிரே முதல்வர் வந்தாலும் அவருக்கு ஒரு புருவ அசைவுதான்.

அவருடைய முழுத் திறமையும் ஒரே ஒரு மின்னஞ்சலில் அடங்கியிருக்கிறது. வரப்போகும் கம்பெனிகளுக்குத் தேதி, அறை, மாணவர் பட்டியல் குறித்து எழுதுவது. "தங்கள் மேலான நிறுவனத்துக்கு எங்கள் கல்லூரியின் முதல் நாளையே ஒதுக்கியிருக்கிறோம்" என்று தொடங்கும். இது எல்லாக் கம்பெனிக்கும் போகும்.

பொய் என்று அவசரப்படக்கூடாது. முதல் நாள் கிடைக்காவிட்டால் எச்.ஆர். முகம் சுளிப்பார். நல்ல பையன்களை அடுத்தவன் அள்ளிக்கொண்டு போன பிறகு வந்து என்ன பயன்? அதே சமயம், 'ஒரு மாணவருக்கு ஒரு வேலை' என்பது கல்லூரியின் சட்டம். ஒரு இடத்தில் தேர்வானவர் அடுத்ததில் உட்கார முடியாது. ஆகவே யார் முதலில் வருகிறார் என்பதில்தான் சீசனே இருக்கிறது.

சென்ற ஆண்டுக் கணக்கையே பார்ப்போம். கூட்டமாக ஆள் எடுக்கும் சர்வீஸ் கம்பெனி ஒன்று 420 பேருக்குத் தேர்வு வைக்கக் கேட்டது. சம்பளம் அதிகம் தரும் சிறு சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி. இரண்டிலும் 8 சிஜிபிஏவுக்கு மேல், அரியர் இல்லாதவர்கள் மட்டும் போதும் என்றது. அப்படி 90 பேர் தேறினார்கள். இருவரும் கேட்டது ஆகஸ்ட் 8. பெரிய கம்பெனியை முதலில் விட்டால் அந்த 90 பேரில் பாதிக்கு மேல் அங்கேயே தேர்வாகிவிடுவார்கள். சின்ன கம்பெனி மீதியைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் மெயிலுக்குப் பதில்கூடப் போடாது. சின்னதை முதலில் விட்டால் நாலைந்து பேர்தான் குறைவார்கள். பெரியதற்கு அது கொசுக்கடி.

சார் இரண்டு பேருக்கும் 8ஆம் தேதியையே கொடுத்தார். சின்ன கம்பெனிக்கு எம்.பி.ஏ. பிளாக்கில் நேர்காணல், குளிர்சாதனம் நிஜமாகவே குளிர்விப்பது அங்கே மட்டும்தான். பெரிய கம்பெனிக்கு அன்று ஆன்லைன் தேர்வு மட்டும். நேர்காணல் 9ஆம் தேதி. ஆறு லேபில் அறுபது அறுபதாக 360 கம்ப்யூட்டர் என்று கல்லூரியின் பிரோஷர் சொல்லும். எலி தின்றது போக உயிரோடு இருப்பது 300 சொச்சம் என்று லேப் அசிஸ்டெண்ட் சொல்வார். மெயிலில் போனது பிரோஷர் கணக்கு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இரண்டு பேட்ச்தான். யூ.பி.எஸ். அரை மணி நேரம் தாங்கும், தேர்வோ ஒன்றரை மணி நேரம். அதனால் டீசல் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு எலக்ட்ரீஷியனை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மெயிலில் அதற்குப் பெயர் 'தடையில்லா மின்வசதி'.

மெயிலில் தடித்த எழுத்தில் ஒரே ஒரு வரிதான்: "முடிவுகளை அன்று மாலை 7 மணிக்குள் தந்துதவ வேண்டுகிறோம்." மற்றதெல்லாம் மரியாதை, இதுதான் விஷயம். சின்ன கம்பெனி அன்றே பட்டியலைக் கொடுத்தால்தான் தேர்வானவர்களின் பெயரை மறுநாள் காலைக்குள் பெரிய கம்பெனிப் பட்டியலிலிருந்து அடிக்க முடியும். "ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறோம்" என்று எச்.ஆர். பையைத் தூக்கினால், பையன் இரண்டு பக்கமும் தேர்வாகி, ஒருவரிடம் சார் போனில் அழ வேண்டியிருக்கும்.

மாணவர் பிரிவுப் பத்தியில் கருணையும் உண்டு. 'கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., இ.சி.இ.' என்று கம்பெனி கேட்டிருக்கும். சார் பதிலில் 'மற்றும் ஆர்வமுள்ள அனைத்துப் பிரிவினரும்' என்று கடைசியில் சத்தமில்லாமல் சேர்த்துவிடுவார். சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகள் டையைக் கடன் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைவது அந்த ஒரு சொற்றொடரைப் பிடித்துத்தான்.

எல்லாம் சரியாகத்தான் போனது, சார் இந்த ஆண்டின் பொது அழைப்பை அனுப்பும்வரை. நாற்பது கம்பெனி முகவரிகளை 'bcc' கட்டத்தில் போடுவதற்குப் பதில் 'cc' கட்டத்தில் போட்டுவிட்டார். நாற்பது எச்.ஆர்.களும் தங்களுக்கே ஒதுக்கப்பட்ட முதல் நாளைச் சக முதல் நாள்காரர்களோடு சேர்ந்து படித்தார்கள். "எல்லாரும் ஒரே நாளா சார்? அத்தனை பேருக்கும் லஞ்ச் உண்டா?" என்று ஒருவர் எல்லாருக்குமாகப் பதில் போட்டார்.

சார் கால் மணி நேரம் டையைத் தளர்த்தி யோசித்தார். பிறகு நாற்பது பேருக்கும் பதில் போனது: "முதல் நாள் என்பது தங்கள் நிறுவனம் எங்கள் கல்லூரிக்கு வருகை தரும் முதல் நாளைக் குறிக்கும். மதிய உணவு, சைவம் அசைவம் எண்ணிக்கையை அன்புடன் தெரிவிக்கவும்."