மேற்கே பார்த்துவிட்டு மிதியுங்கள்

ஜூலை மாதத்து மாலை ஐந்தரை மணிக்கு ஈ.சி.ஆரில் சைக்கிளை எடுக்கும் சென்னைக்காரர் வானத்தைப் பார்ப்பதில்லை என்று யாரும் பழி சொல்ல முடியாது. பார்க்கிறார். கடல் பக்கமாகப் பார்க்கிறார். அங்கே பளிச்சென்று நீலம். ஹெல்மெட்டை மாட்டிவிடுகிறார்.

தென்மேற்குப் பருவத்தில் இங்கே இடிமழை பெரும்பாலும் அவருடைய முதுகுப் பக்கமிருந்துதான் வரும். பகல் வெயிலில் வேலூர், சித்தூர் வட்டாரத்தில் திரளும் மேகங்கள் மேலைக்காற்றோடு நகர்ந்து, பொழுது சாயும்போது நகரத்தை எட்டும்.

மேற்கே திரும்பினாலும் ஒரு வில்லங்கம் உண்டு. முற்றிய இடிமேகத்தின் உச்சி தட்டையாக விரியும். இந்தப் பருவத்தில் அந்த உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் தலை மேற்கே சாய்ந்திருக்கும். உடம்பு கிழக்கே வந்துகொண்டிருக்கும். "அது அந்தப் பக்கம் போகுது சார்" என்று நம்மவர் தீர்ப்பு சொல்வது இந்தத் தலையைப் பார்த்துத்தான். பார்க்க வேண்டியது கறுத்த அடிப்பாகத்தை. மேலே விளிம்பு காலிஃபிளவர் மாதிரி திட்டமாகப் புடைத்திருந்தால், மேகம் இன்னும் வளர்கிறது என்று பொருள்.

ரேடார் படம் பார்ப்பவர்களுக்குக் கணக்கு எளிது. ஐந்து மணிக்குக் காஞ்சிபுரத்தின் மேல் இருந்த சிவப்புத் திட்டு, ஐந்தரைக்குக் கிழக்கே 15 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதாவது மணிக்கு 30. திருவான்மியூருக்கு இன்னும் சுமார் 45 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது! கோவளம் போய் வந்துவிடலாமே என்று மனம் துள்ளும். ஆனால் மழையிலிருந்து முன்னோக்கிப் பாயும் குளிர்காற்று கடற்காற்றோடு மோதும் இடத்தில் புது மேகம் முளைக்கும். பழைய திட்டு தாம்பரத்தைத் தொடுமுன் புதியது பள்ளிக்கரணையில் பிறந்துவிடலாம். ஆகவே அந்த ஒன்றரை மணியைப் பாதியாக வெட்டி, வீட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றுவது புத்திசாலித்தனம்.

ரேடார் பார்க்காதவருக்குக் காற்றே போதும். முகத்தில் அடித்த கடற்காற்று திடீரென நின்று, சற்று நேரத்தில் மேற்கிலிருந்து புழுதியோடு சில்லென்று வீசினால் பேச்சே இல்லை, திரும்ப வேண்டியதுதான். மாடிக்கொடியில் துணி எடுக்க ஓடும் பெண்மணிகளுக்கு இது தெரியும். அதை 'நல்ல கிளைமேட்' என்று கொண்டாடி வேகம் கூட்டுகிறவர் சைக்கிள்காரர் மட்டுமே.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் தலைக்கு மேலேயே இறங்கலாம். சைக்கிள் டயரின் ரப்பர் காப்பாற்றும் என்பது கடைத்தெரு நம்பிக்கை. கிலோமீட்டர் கணக்கில் காற்றையே துளைத்து வருவதற்கு அரை விரல் ரப்பர் எம்மாத்திரம்? மரத்தடியும் பேருந்து நிழற்குடையும் உதவாது. முழுக் கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார்.

உள்ளே ஒதுங்கியபின் கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். இருபத்தெட்டாவது நிமிடத்தில் இன்னொன்று உறுமினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஒதுங்கிய இடம் ஓட்டலாக இருந்தால், எரித்த கலோரிக்கு மேல் பஜ்ஜியாக உள்ளே போய்விடும் என்பது மட்டுமே இந்த விதியில் உள்ள குறை.