சாகாத பத்து நிமிடம்

இணையத்தில் புடவை விற்கும் கடையொன்றின் அறிவிப்பு: “ஆடித் தள்ளுபடி! இன்னும் 10 நிமிடமே! கடைசி 2 புடவைகள்! 37 பேர் பார்க்கிறார்கள்!” பதறிப்போய்ப் பக்கத்தை மூடித் திறந்தால், மறுபடியும் முழுசாகப் பத்து நிமிடம். மார்க்கண்டேயனுக்கு என்றும் பதினாறு, இந்தக் கடிகாரத்துக்கு என்றும் பத்து. காரணம் எளிது: அது தள்ளுபடி முடியும் நேரத்தைப் பார்த்து ஓடவில்லை, நீங்கள் உள்ளே நுழைந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. அந்த 37 பேரும் பெரும்பாலும் நிரல் பெற்ற பிள்ளைகள்தான்.

இதற்குக் கத்தரி போடுவோம். பார்வையாளர்கள் போகட்டும். ‘கடைசி 2’ என்பதைக் கிடங்குக் கணக்கோடு இணைத்தால் உண்மை எண் வரும். கடிகாரத்துக்குப் பதில் தேதி போதும். மிஞ்சுவது: “ஆடித் தள்ளுபடி ஆகஸ்ட் 16 இரவு 9 மணி வரை. இந்த நிறத்தில் 14 புடவைகள் உள்ளன.”

ஒரே சிக்கல், 9.01-க்கு விலை நிஜமாகவே ஏற வேண்டும். ‘வாடிக்கையாளர் வேண்டுகோளுக்கிணங்க’ நீட்டினால் பழைய கதைதான். பொய் அவசரம் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-லேயே தடைசெய்துவிட்டது. அந்தத் தடைக்கு நீட்டிப்புத் தேதி கிடையாது.