தாய்மாமனுக்கு லீவு உண்டா?

கேள்வி: அபார்ட்மென்ட் செக்யூரிட்டி நான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, 12 மணி நேர டூட்டி. ஞாயிறன்று அக்கா மகளுக்குக் காதுகுத்து. தொடர்ந்து மூன்று நாள் லீவு கேட்டால், 'ஆள் இல்லை' என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்ய?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: தாய்மாமன் மடியில்லாமல் காதுகுத்து ஏது? போய்த்தான் ஆகவேண்டும்! லீவை இரவுக் கணக்கில் கேளுங்கள். இரவு ஷிப்ட் வாரமென்றால் சனி காலை 8 மணிக்கு டூட்டி முடியும். சனி இரவு வார ஓய்வு, ஞாயிறு இரவு லீவு, திங்கள் இரவு 8 மணிக்குத் திரும்பலாம். ஒரே லீவில் 60 மணி நேரம்! திங்கள் காலையே பகல் ஷிப்டுக்கு மாற்றினால் அதில் 12 மணி நேரம் பறிபோகும். மாற்றத்தை இரண்டு நாள் தள்ளச் சொல்லுங்கள்.

சூப்பர்வைசரின் கவலை, கேட் காலியாகிவிடுமே என்பதுதான். ஷிப்ட் பட்டியல் போடுமுன், மாற்று ஆளோடு போய்க் கேளுங்கள். பகல் டூட்டி பார்த்தவரையே இரவும் நிறுத்தாதீர்கள், விடியற்காலையில் கண்ணயர்ந்துவிடுவார். சூப்பர்வைசர் சம்மதித்ததும் தேதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' வாங்கிவிடுங்கள். சம்பள நாளில் 'ஆப்சென்ட்' என்றால் காட்ட அதுதான் சாட்சி.