ஜன்னல் வேண்டாம், வாசல் போதும்

நாய் பேசுவதாக எழுதப்படும் கவிதைகளில் ஒரு வகை உண்டு. வீட்டார் எல்லோரும் வெளியே போயிருப்பார்கள். நாய் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டிருக்கும். பக்கம் முழுக்க ஏக்கமாக வழியும். இப்படி எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. நாய்க்கு எழுத வராது என்பதால் யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். என் வழக்கு வேறு. இந்தக் கவிதைகளில் நாய் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பரிசோதித்துப் பார்ப்பதற்காக நானே ஒன்றைச் சமைத்து, பள்ளிவாசலில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் கொண்டுபோய் வைக்கிறேன்.

பச்சை மலையில் இறங்கும் சிவப்புப் பேருந்தில்
நீங்கள் இல்லை.
மணி நாலரை தாண்டிவிட்டது.
ஜன்னல் கண்ணாடியில் வழிகிறது என் கண்ணீர்.

பரிசுப் போட்டிக்கு அனுப்பினால் ஆறுதல் பரிசாவது நிச்சயம். முதல் வரியிலேயே ஆள் மாறாட்டம் நடந்திருக்கிறது என்பதை நடுவர் கவனிக்காமல் இருந்தால் போதும். நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும் பிரித்துக் காணும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. பள்ளிவாசலின் புகழ்பெற்ற பச்சை அதற்கு வெளிறிய மஞ்சளாகவோ சாம்பலாகவோ தெரியும். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் வளைந்து வரும் அரசுப் பேருந்தின் சிவப்பு, ஏதோ மங்கலான பழுப்பு. தூரமும் உதவாது. நாம் 75 அடியில் நின்று தெளிவாகப் பார்ப்பதை நாய் 20 அடிக்கு வந்தால்தான் அதே தெளிவோடு பார்க்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக, எதிர்மலையில் வரும் வண்டிக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அது அங்கலாய்ப்பதற்கு வழியே இல்லை. இவ்வளவும் வெயில் நாளின் கதை. ஜூன், ஜூலையில் இந்த மலையில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது மூடுபனிதான். எதிரில் இருக்கும் சவுக்கு மரத்தையே மனிதனால் பார்க்க முடியாதபோது, நாயை ஜன்னலில் உட்கார வைப்பது வீண் வேலை.

அது கிடக்கட்டும், லயத்து நாயை ஜன்னலுக்குள் விட்டது யார்? வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடு அது. முன்னால் சின்ன வராந்தா, உள்ளே ஒரு அறை, பின்னால் அடுப்படி. அதற்குள் ஒரு குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு படுக்கிறது. நாயின் இடம் வராந்தா மூலை, அல்லது அடுக்கிய விறகுக்குப் பக்கம். கொழுந்து எடுக்கப் போனவர்கள் திரும்புவதற்கு இருட்டினால், அதன் மனதை முதலில் நிரப்புவது ஏக்கமாக இருக்காது, சிறுத்தையாகத்தான் இருக்கும். மூணாறுப் பக்கத்து எஸ்டேட்களில் சிறுத்தைக்கு எளிதாகக் கிடைக்கும் இரை நாய். இந்த நாயின் பார்வையில் எழுதப்படும் உண்மையான கவிதையில், 'சீக்கிரம் வாங்க' என்ற வரிக்குக் காதலை விடச் சுயபாதுகாப்பு பெரிய காரணமாக இருக்க வாய்ப்புண்டு. கவிஞர்கள் இதைத் தொடுவதே இல்லை. கண்ணாடி போட்ட ஜன்னலும் மெத்தை நாற்காலியும் எந்த ஊர்க் கவிதையிலிருந்து இறக்குமதி ஆயின என்பது எனக்குப் புரியாமலில்லை.

மூன்றாவது வரிக்கு வருவோம். மணி நாலரை என்பது மனிதக் கணக்கு. நாய்க்கு நேரம் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. தெரிகிறது, ஆனால் வேறு வழியில். ஸ்வீடனின் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு டஜன் வீட்டு நாய்களை அரை மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று தனியே விட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தார்கள். அரை மணி கழித்து வந்தபோது கிடைத்த வரவேற்பை விட, இரண்டு மணி கழித்து வந்தபோது நாய்கள் அதிகம் துள்ளின. இரண்டுக்கும் நாலுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எனவே நீண்ட நேரம் போனது நாய்க்கு உறைக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்த உறைப்பு கூடிக்கொண்டே போவதாகத் தெரியவில்லை. அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஓர் ஊகம் சொல்கிறார். காலையில் நீங்கள் வீட்டில் விட்டுப்போன வாடை மணிக்கு மணி மெலிந்துகொண்டே போகிறது. தினமும் அது எவ்வளவு மெலிந்ததும் நீங்கள் வருகிறீர்கள் என்பதை நாய் கற்றுக்கொண்டிருக்கலாம் என்பது அது. ஊகம்தான், நிரூபணமாகவில்லை. ஆனாலும் என் கவிதையின் மூன்றாம் வரியை விட இதில் கவிதை அதிகம். மனித மூக்கில் வாசனை அறியும் ஏற்பிகள் சுமார் 60 லட்சம் என்றால், நாய்க்கு 30 கோடி வரை சொல்கிறார்கள். அந்த மூக்குக்கு வீடு என்பது மெல்ல மெல்ல ஆள் இல்லாமல் போகும் இடம். இதை எழுதாமல் கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறோம்.

கண்ணீருக்கும் ஆதாரம் இருக்கிறது, ஆனால் கவிஞருக்குச் சாதகமாக இல்லை. 2022-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாயின் கண்ணில் சின்னக் காகிதப் பட்டையை வைத்து ஈரத்தை அளந்தார்கள். பல மணி நேரம் கழித்து எஜமானர் திரும்பிச் சேர்ந்தபோது கண்ணீரின் அளவு கூடியது. பழக்கப்பட்ட வேறொருவரோடு சேர்ந்தபோது அப்படிக் கூடவில்லை. கவனியுங்கள், ஈரம் கூடியது திரும்பி வந்த பிறகு. கவிதையில் நாய் இன்னும் காத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் அழ வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. கவிஞர் அவசரப்பட்டுவிட்டார்.

"கவிதைக்கு இவ்வளவு கண்டிப்பு ஆகுமா? கவிஞனுக்குச் சுதந்திரம் இல்லையா?" என்று ஒருவர் கேட்பார். இருக்கிறது. நிலவைப் பேச வையுங்கள், ஆற்றை நடக்க வையுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் 'நான் நாய்' என்று முதல் வரியில் கையெழுத்துப் போட்டபிறகு, மனிதக் கண்ணோடு பார்ப்பது நாயின் பெயரில் கடன் வாங்குவது மாதிரி. அதுதான் என் வாதத்தின் மொத்தமும்.

இன்னொருவர் ஜேட்டியைக் கொண்டு வருவார். இங்கிலாந்தின் ராம்ஸ்பாட்டம் ஊரில் ஒரு பெண்மணி வளர்த்த நாய் அது. எங்கோ தொலைவில் அவர் வீட்டுக்குக் கிளம்பும் அந்த நொடியிலேயே ஜேட்டி ஜன்னலுக்குப் போய்விடும் என்று பேர் வாங்கியது. ஜன்னலில் காத்திருந்த நாய்களில் இதை விடப் பிரபலமானது எனக்குத் தெரியாது. ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் கேமரா வைத்துச் சோதித்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜேட்டி ஜன்னலுக்கு நாள் முழுக்கப் பல முறை போனது. வெளியே ஒரு கார் வந்தால் போனது, வேறு நாய் தென்பட்டாலும் போனது. அந்தப் போக்குகளில் ஒன்று எஜமானி கிளம்பிய நேரத்தோடு ஒத்துப்போனால், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது மனித வழக்கம். இந்த நாயைப் பிரபலப்படுத்திய ரூபர்ட் ஷெல்ட்ரேக் சும்மா இருக்கவில்லை. எஜமானி திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் ஜேட்டி ஜன்னலில் அதிக நேரம் இருந்தது என்று பதில் சொன்னார். இருக்கலாம். தனிமை நீள நீள நாய் ஜன்னலுக்கு அதிகம் போகும் என்றாலும் இதே கணக்கு வரும். அதற்குத் தொலையுணர்வு தேவையில்லை, பொறுமை தீர்ந்தால் போதும்.

ஹச்சிகோவை மறுக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. மறுக்கவில்லை. பேராசிரியர் உவேனோ 1925 மே மாதம் இறந்தார். அவரது நாய் டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது, 1935 மார்ச்சில் தான் சாகும் வரை. அதன் சிலையை 1934-ல் திறந்தபோது ஹச்சிகோவே விழாவில் இருந்தது. உயிரோடிருக்கும்போதே தன் சிலையைப் பார்த்தவர்கள் நம் அரசியலிலும் உண்டு, ஆனால் அவர்கள் அதற்காக இவ்வளவு காத்திருக்கவில்லை. இறந்தபின் அதன் வயிற்றில் கோழிக்கறி சுட்டுத்தரும் குச்சிகள் கிடைத்தன. நிலையத்துக்கு அது வந்ததே சுட்ட கறிக்காகத்தான் என்று அன்றே சிலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு இரண்டும் உண்மையாகத் தோன்றுகிறது. காத்திருக்கும் ஓர் உயிர் பசிக்காமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கவிதையில் மட்டும்தான் இருக்கிறது. ஹச்சிகோ காத்திருந்ததும் ஜன்னலோரத்தில் இல்லை, ஆள் இறங்கும் இடத்தில்.

இந்த மலையிலேயே நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மண்ணோடு கொண்டுபோனது. கண்ணன் தேவன் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், 70 பேர். அதில் 4 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. இங்கே நகைச்சுவைக்கு வேலையில்லை. அங்கே குவி என்ற நாய் உயிர் பிழைத்தது. தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையைத் தேடி மண்ணையும் ஆற்றோரத்தையும் சுற்றி வந்தது. ஒரு வாரம் கழித்து, அது நின்று பார்த்த இடத்தில்தான் மீட்புக் குழுவினர் அந்தக் குழந்தையைக் கண்டெடுத்தார்கள். பிறகு போலீஸ் நாய்ப்படையினர் குவியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். 2021-ல் அது எஞ்சிய உறவினரிடம், அந்தக் குழந்தையின் பாட்டியிடம், திரும்பிச் சேர்ந்தது. குவி எங்கும் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. அது போய்த் தேடியது, கண்ணால் இல்லாமல் மூக்கால். பெட்டிமுடிக்குப் பிறகு நாயை ஜன்னலோரம் உட்கார வைத்து எழுதுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

எனவே பள்ளிவாசல் லயத்து நாயின் கவிதையை எழுத உட்காருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் கொஞ்சம்தான். நாயை வராந்தாவுக்கு இறக்குங்கள். நிறங்களைக் குறையுங்கள், வாடைகளைக் கூட்டுங்கள். கூடையோடு வருகிறவரின் ஈரச் சீலை, பறித்த கொழுந்து, தீப்பெட்டி, மழைக் கோட்டின் ரப்பர் என்று எவ்வளவோ இருக்கிறது. இருட்டில் சிறுத்தைக்கும் இரண்டு வரி கொடுங்கள். கடைசியில் வால் ஆடுகிறதே, அதில் பாதி மத்தி மீன் குழம்புக்காக என்று எழுதவும் துணியுங்கள். அந்தத் துணிச்சல் இல்லாதவர்கள் பூனையைப் பற்றி எழுதலாம். யாருக்காகவும் காத்திருப்பதாக அது எங்கும் சொல்லிக்கொண்டதில்லை.