முதல் மூன்று வரி

போர்ட் பிளேரில் கருத்தரங்குக் குழுக்களோடு நான் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய காலத்தில், பேச்சாளர் அறிமுகம் என்றால் பட்டங்களின் வரிசைதான். சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வருபவர் அனுப்பிய பயோடேட்டாவை அப்படியே தட்டச்சு செய்து அச்சகத்தில் கொடுப்போம். செயற்கைக்கோள் இணைப்பில் ஒரு புகைப்படம் இறங்குவதற்குள் மின்சாரம் போய்விடும். எழுத்து மட்டும் வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தோம். அழைப்பிதழைப் பெறுபவர்களில் பெரும்பாலோர் துறை அனுப்பி வைக்கும் அலுவலர்கள். எப்படியும் அவர்கள் வந்துவிடுவார்கள். அதனால் அந்த அறிமுகம் யாரையும் அழைக்கவேண்டியிருக்கவில்லை, பேச்சாளருக்கு மரியாதை செய்தால் போதும். அதை நன்றாகவே செய்தது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலுக்கடியில் வந்த கேபிள் இங்கே இணைப்புக் கொடுத்தது. ஊரின் பெயரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. படமும் காணொளியும் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் அறிமுகத்துக்குக் கிடைக்கும் இடம் முன்னைவிடச் சுருங்கிவிட்டது. வாட்ஸாப்பில் முதல் சில வரிகளுக்குப் பிறகு ‘மேலும் படிக்க’ என்று வந்துவிடும். படகுத் துறையில் நிற்கும் விவசாயி அந்த வரிகளை வைத்துத்தான் ஒரு நாள் வேலையை விடலாமா என்று முடிவு செய்கிறார். அந்த இடத்தில் இன்னமும் நாம் பட்டங்களையே போடுகிறோம்.

ஒரு மண்ணியலாளரின் அறிமுகத்தைச் சொல்கிறேன். அவர் தந்தது இப்படித் தொடங்கியது: வேளாண்மையில் முதுகலை, மண்ணியலில் முனைவர் பட்டம், பல ஆய்வுக் கட்டுரைகள், பல தேசியக் குழுக்களில் உறுப்பினர். எல்லாம் உண்மை. ஆனால் தலைப்பை மறைத்துவிட்டுப் படித்தால் அவர் எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்றே தெரியாது. வேறு எந்த மண்ணியலாளருக்கும் அதே வரிகள் பொருந்தும். அறிமுகம் பழுது என்பதற்கு எனக்கு இந்த ஒரு சோதனை போதும்.

அவரிடம் கேட்டேன், “சார், கேட்டுட்டுப் போறவங்க மறுநாள் வயல்ல என்ன மாத்திச் செய்வாங்க?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். 2004 சுனாமியின்போது தெற்கு அந்தமான் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்து, சிப்பிகாட் பக்கம் நெல் வயல்களில் கடல்நீர் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட நிலத்தில் மண்ணை வெட்டி அகலமான மேட்டுப் பாத்தியாக உயர்த்தினால், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழையே பாத்தியின் உப்பைக் கழுவிவிடும். மேட்டில் காய்கறி, பள்ளத்தில் நெல்லோ மீனோ.

இதைக் கேட்ட குழுவின் இளைஞர் ஒருவர் ‘உப்பு நிலத்தை முழுமையாக மீட்கும் வழி’ என்று முதல் வரி எழுதினார். மண்ணியலாளர் உடனே அந்த வரியை அடித்துவிட்டார். “தம்பி, தினமும் ஓதம் ஏறி இறங்குற இடத்துல கரை போடாம பாத்தி நிக்காது. அதையும்தான் சொல்லப் போறேன்.” உரையில் இல்லாததை அறிமுகம் சொல்லிவிட்டால், நம்பி வந்தவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். எனவே வரம்பும் முதல் வரிக்குள்ளேயே வந்தது:

‘கடல்நீர் ஏறிய வயலில் மேட்டுப் பாத்தி எங்கே பலன் தரும், எங்கே தராது என்பதை உங்கள் நிலத்தை வைத்தே முடிவு செய்யக் கற்றுக்கொள்ளலாம். சுனாமிக்குப் பிறகு இங்குள்ள விவசாயிகளோடு இந்தப் பாத்திகளை அமைத்துப் பார்த்த மண்ணியலாளர் பேசுகிறார். வயல் மண்ணில் கொஞ்சம் எடுத்து வாருங்கள். உப்பின் அளவைச் சோதித்துச் சொல்வார்.’

முதல் வாக்கியம் கேட்பவருடையது. இரண்டாவதில் ஒரே ஒரு தகுதி, முதல் வாக்கியத்தை நம்ப வைக்கும் தகுதி. முனைவர் பட்டத்தை அவர் விட்டுக்கொடுக்கத் தயங்கினார், அது நியாயம்தான். பல வருட உழைப்பல்லவா? தலைவர் மேடையில் வாசிக்கும் நீண்ட அறிமுகத்தில் முழுவதையும் வைத்தோம். ஆய்வாளர்கள் மட்டுமே கூடும் அரங்கு என்றால் கட்டுரைகளையும் மேலே கொண்டுவருவேன். அவர்கள் எதை நம்பி வருவார்கள் என்பது வேறு.

பலன் கிடைத்ததா என்பது தொலைபேசியில் தெரிந்தது. முன்பெல்லாம் கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், சான்றிதழ் உண்டா என்றே கேட்பார்கள். இந்த முறை ஒரு பெண்மணி, “அண்ணா, மண்ணை எவ்வளவு ஆழத்துல எடுக்கணும்?” என்று கேட்டார். மேல்மண், ஒரு சாண் ஆழம் வரை, வயலின் நாலைந்து இடங்களில் எடுத்துக் கலந்து கொண்டு வரச் சொன்னார் மண்ணியலாளர். அதையும் அறிவிப்பில் சேர்த்து மறுபடி அனுப்பினோம்.